நாலாயிரம் டின் கணக்கு

அவனும் நானும் ராயபுரத்தில் ஒரே தெரு. திருவொற்றியூரில் டின் செய்யும் ஃபாக்டரியில், அடக்கவிலைக் கணக்குப் போடும் காஸ்டிங் பிரிவில் ஒரே மேஜையின் இரண்டு பக்கம். வேலையில் நான் சீனியர். காஸ்டிங் பரீட்சையைச் சேர்ந்துதான் எழுதினோம். அவன் பாஸ், நான் ஃபெயில். அன்று அவன் வீட்டில் கொடுத்த கேக்கைச் சிரித்த முகத்தோடு வாங்கித் தின்றேன். வயிறு எரிந்தது.

பிரிவுக்கு ஒரு ஆபீசர் பதவி வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. சீனியாரிட்டிப்படி என் பெயர்தான். அதற்குள் அவன் ஒரு யோசனையைக் கிளப்பிவிட்டான். எண்ணெய் டின்களுக்கென்று தனியாக ஒரு லைன் போடலாம், மாதம் 3,800 டின் எடுத்துக்கொள்ள ஒரு வியாபாரி தயார் என்று. லைன் வந்தால் ஆபீசர் நாற்காலி அவனுக்கு என்று மேனேஜர் வாய்விட்டே சொல்லிவிட்டார். கான்டீனில் அவனுக்கு மட்டும் டீ கொஞ்சம் கெட்டியாக வருவதுபோல எனக்குத் தோன்ற ஆரம்பித்தது.

ஆனால் அவன் போட்ட பிரேக்-ஈவன் கணக்கே அவன் காலை வாரியது. மாதம் எத்தனை டின் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று பார்த்தால் 4,000 என்று வந்தது. கையில் இருக்கும் ஆர்டரோ 3,800.

மேனேஜர் தாளை என்னிடம் நீட்டினார். "இருநூறு குறையுது. வேண்டாம்னுதான் எழுதப்போறேன். எதுக்கும் நீங்க ஒரு தடவை சரிபார்த்து இனிஷியல் போட்டுடுங்க."

போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நாற்காலி எனக்கு. ஆனால் அவன் திட்டம் கவிழ்ந்தது மட்டும் எனக்குப் போதவில்லை. பாஸ் பண்ணினவனுடைய கணக்கும் தப்பு என்று ஆகவேண்டும், அதையும் நான்தான் கண்டுபிடிக்கவேண்டும். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலில் நிலையான செலவு, அதாவது ஒரு டின்கூடச் செய்யாவிட்டாலும் மாதாமாதம் போகிற பணம். ஷெட் வாடகை 4,000, மெஷின் தேய்மானம் 7,500, ஃபோர்மேன், வாட்ச்மேன் சம்பளம் 5,200, மின்சாரத்தில் குறைந்தபட்சக் கட்டணம் 1,300. கூட்டினால் 18,000. அவன் இணைத்திருந்த ஆதாரக் காகிதங்களோடு ஒத்துப்பார்த்தேன். ஒரு பைசா உதைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது.

அடுத்து டின்னுக்கு டின் ஆகும் செலவு. தகடு 5.20, பெயின்ட் 80 காசு, பீஸ் கூலி ஒரு ரூபாய், லாரி வாடகை 50 காசு. மொத்தம் 7.50. விலை 12. ஆகவே ஒவ்வொரு டின்னும் நிலையான செலவை அடைக்கக் கொடுப்பது 4.50. பதினெட்டாயிரத்தை நாலரையால் வகுத்தால் 4,000. வகுத்தலும் சரி.

லாரி வாடகை?

பெரிய டிரம்களை நாங்களே லாரியில் அனுப்புவோம். எங்கள் பிரிவில் எந்தப் புதுக் கணக்கும் பழைய தாளைப் பார்த்தே எழுதப்படும், வரிக்கு வரி. ஆனால் இந்த வியாபாரி தன் லாரியைக் கொண்டுவந்து எங்கள் கேட்டிலேயே சரக்கை எடுத்துக்கொள்கிறான். அந்த 12 ரூபாயே கேட் விலை. கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன், அப்படியேதான் இருந்தது. இல்லாத லாரிக்கு வாடகை போட்டிருக்கிறான் என் தோஸ்து.

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் படியேறியதில்லை. மேனேஜர் அறையில் அவனும் நின்றிருந்தான். அதுவும் நல்லதாகப் போயிற்று.

"தப்பு சார். டின்னுக்கு அம்பது காசு தப்பு. கொட்டேஷனைக்கூடப் படிக்காம போட்டிருக்கார்."

அவன் முகம் செத்துப்போயிற்று. "பழைய ஷீட்ல இருந்துச்சே மாமு, அத்தப் பாத்துதான் போட்டேன்" என்றான் மெதுவாக. பழைய ஷீட் நான் எழுதியது. அதை அவன் சொல்லவில்லை.

"சரி, திருத்திப் போடுங்க" என்றார் மேனேஜர்.

அவர் மேஜைமேலேயே குனிந்து போட்டேன். ஏழரையில் ஐம்பது காசு போனால் ஏழு. பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. பதினெட்டாயிரத்தை ஐந்தால் வகுக்கப்போன இடத்தில் பென்சில் நின்றது. செலவு குறைந்தால் எண்ணும் குறையும் என்பதைக் கீழேயே யோசித்திருக்கவேண்டும். ஓடிவந்த அவசரத்தில் யோசிக்கவில்லை.

"எவ்வளவு?"

"மூவாயிரத்து அறுநூறு, சார்."

"ஆர்டர் மூவாயிரத்து எண்ணூறு" என்றார் அவர், நிதானமாக. "இருநூறு டின்னுக்கு அஞ்சஞ்சு ரூபா. மாசம் ஆயிரம் லாபம். லைனைப் போட்டுடலாம்."

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "நீ மட்டும் பாக்கலேன்னா இன்னா ஆயிருக்கும் மாமு" என்றான். கையை உதறத் தோன்றியது. மேனேஜர் இருந்ததால் சிரித்தேன்.

அறையை விட்டு வெளியே வரும்போது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "தப்பைக் கண்டுபிடிக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லை. இனிமே ஆபீசர் போடற கணக்கையெல்லாம் நீங்களே சரிபார்த்துக் குடுத்துடுங்க."

ரிட்டயர் ஆகும்வரை அதைத்தான் செய்தேன். அதற்குப் பிறகு அவன் கணக்கில் ஒரு தப்புகூட எனக்குக் கிடைக்கவில்லை.