முத்தாலம்மாளின் எடை

டாக்டர் திரிபுரசுந்தரிக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சொற்கள் ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வரும். தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய அந்தத் தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இது எல்லோருக்கும் தெரியும். அவள் நிறுத்தி நிறுத்திப் பேச ஆரம்பித்தாள் என்றால் நர்ஸ்கள் ஆளுக்கொரு வேலையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள்.

ஊரப்பாக்கத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருபவள். வயது முப்பத்தெட்டு. மயக்க மருந்து படித்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டரை விட்டு ஐ.சி.யு.வுக்கு வந்தவள். கணவன் வங்கியில் வேலை. "வீட்டுல ஒரு நாளாவது சிரிச்ச முகமா வந்தியா?" என்று அவன் கேட்பான். "சிரிக்கற மாதிரி அங்க என்ன நடக்குது?" என்பாள்.

2009-ஆம் வருஷம், மழைக்காலம். இரண்டு நாள் விடுப்பில் போயிருந்தவள் அன்று காலை வேலைக்குத் திரும்பினாள். நான்காவது கட்டிலில் ஒரு புது நோயாளி இருந்தாள். பெயர் முத்தாலம்மாள். கோவளம் பக்கத்துக் குப்பம். சேலையூரில் கேம்ப் ரோட்டுப் பக்கம் கூடை சுமந்து மீன் விற்பவள். காலில் மீன் முள் குத்தியதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டாள். உடம்பில் சர்க்கரை வேறு. முழங்கால் வரை வீங்கி, சீழ் பிடித்து, ரத்தத்தில் விஷம் பரவி, ரத்த அழுத்தம் விழுந்து, நினைவில்லாமல் வந்து சேர்ந்திருந்தாள். வந்த அன்றே சர்ஜன் காலைக் கீறிச் சீழை எடுத்திருந்தார். மூச்சுக் குழாய் போட்டாகிவிட்டது. அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க மருந்து ஓடிக்கொண்டிருந்தது.

பெரிய உடம்பு. கட்டிலின் இருபக்கக் கம்பியையும் தொட்டுக்கொண்டு கிடந்தாள். போதாததற்கு, இரண்டு நாளாக ஏற்றிய சலைன் பாட்டில்களின் நீர் ரத்தக் குழாய்களில் நிற்காமல் கசிந்து, தசையிலும் தோலுக்கடியிலும் தங்கியிருந்தது. கை விரல்கள் வாழைப்பூ மாதிரி உப்பியிருந்தன. திரிபுரசுந்தரி புறங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது, மேலே எழவே இல்லை.

"என்ன ஆன்டிபயாடிக் போகுது?" என்று கேட்டாள்.

டியூட்டி டாக்டர் நிகில், வேளச்சேரிப் பையன், படிப்பு முடித்து வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. "வேன்கோமைசின் மேடம். சீழ்ல வந்த கிருமிக்கு அதுதான் கேக்கும்னு ரிப்போர்ட் வந்திருக்கு. தினம் ஒரு தடவை, ஐநூறு மில்லிகிராம்."

"ஐநூறா?"

"கிரியாட்டினின் மூணுக்கு மேல மேடம். கிட்னி சரியில்லன்னு வேதசிரோமணி சார் குறைச்சிட்டாரு."

"இவங்க எடை என்ன?"

நிகில் கட்டிலில் தொங்கிய குறிப்புத் தாளைப் பார்த்தான். "அறுபது."

திரிபுரசுந்தரி முத்தாலம்மாளைப் பார்த்தாள். பிறகு நிகிலைப் பார்த்தாள். "இவங்க. அறுபது. கிலோ."

நினைவில்லாமல் வருகிறவர்களை நிறுத்துப் பார்க்க அங்கே வசதி கிடையாது. ஆகவே பெரியவர் யார் வந்தாலும் அறுபது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. எழுதியவரும் நம்பவில்லை, படித்தவரும் நம்பவில்லை. ஆனால் மருந்து மட்டும் அதை நம்பிக்கொண்டு போனது.

வெளியே வராந்தாவில் மகள் ஷர்மிளா உட்கார்ந்திருந்தாள். பெருங்களத்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறவள். திரிபுரசுந்தரி பக்கத்தில் போய் உட்கார்ந்து, அம்மாவின் எடை தெரியுமா என்று கேட்டாள்.

ஷர்மிளாவின் முகம் இறுகியது. "நீங்களும் அதத்தான் கேக்குறீங்களா மேடம்? போன மாசம் சர்க்கரை கேம்ப்புல நிக்க வச்சாங்க. நூத்திப் பன்னெண்டு கீது. அங்க ஒரு டாக்டரு, 'இன்னாம்மா, மீனை வித்தியா, எல்லாத்தையும் நீயே துன்னியா'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து எங்கம்மா ஆஸ்பத்திரி பக்கமே வர மாட்டேன்னுச்சு. கால்ல முள்ளு குத்தி வீங்குனப்பகூட வரல."

"நான் திட்டறதுக்குக் கேக்கல. மருந்துக்குக் கேக்கறேன்."

"இங்க யாரும் கேக்கவேயில்லயே மேடம்."

திரிபுரசுந்தரி எழுந்து உள்ளே நடந்தாள். இந்த அம்மாளின் உடம்பைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. பஸ் கண்டக்டர் பேசியிருப்பான், கேம்ப் டாக்டர் பேசியிருக்கிறார். உண்மையிலேயே அந்த எண் தேவைப்பட்ட இடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அடுத்த டோஸ் போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நகரத்திலிருந்த ஒரு லேபுக்கு அனுப்பினாள். மத்தியானம் போனில் பதில் வந்தது. குறைந்தது பதினைந்தாவது இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.

வேதசிரோமணி மாலை ரவுண்டுக்கு வந்தார். மருத்துவமனையின் பங்குதாரர்களில் ஒருவர். முப்பது வருஷ அனுபவம். மேற்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்கு அவர்தான் குடும்ப வைத்தியர். திரிபுரசுந்தரி லேப் சொன்னதைச் சொல்லி, உடனே இரண்டரை கிராம் மெதுவாக ஏற்ற வேண்டும் என்றாள்.

"ரெண்டரை கிராமா? ஐநூறுல இருந்து ரெண்டாயிரத்து ஐநூறா? கிட்னி ஏற்கெனவே படுத்திருக்கும்மா."

"கிட்னியை வச்சு முதல் டோஸைக் குறைக்கக் கூடாது சார். மருந்து எவ்வளவு சீக்கிரம் வெளிய போகும்கறதுதான் கிட்னி வேலை. அது அடுத்த டோஸை எப்ப, எவ்வளவு போடணும்னு சொல்லும். முதல் டோஸ், மருந்து எவ்வளவு பெரிய இடத்துல பரவப் போகுதுங்கறதைப் பொறுத்தது. இவங்க நூத்திப் பன்னெண்டு கிலோ. கொழுப்புன்னாலும் அதுக்குள்ளயும் ரத்த ஓட்டம் இருக்கு, தண்ணி இருக்கு. அதுக்கு மேல நாம லிட்டர் லிட்டரா ஊத்தி, எல்லாம் வெளிய கசிஞ்சு நிக்குது. இந்த மருந்து தண்ணி இருக்கற இடமெல்லாம் போகும். ஐநூறு மில்லிகிராம் அத்தனை தண்ணியில கரைஞ்சா என்ன மிஞ்சும்? ஆறுதான் மிஞ்சும். கிருமி ரெண்டு நாளா சும்மா நனைஞ்சுகிட்டு இருக்கு."

வேதசிரோமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தியிருந்தா இந்த அம்மா இங்க வந்தே இருக்க மாட்டாங்க. அதையும் சொல்லு."

திரிபுரசுந்தரியின் குரல் இறங்கியது. நர்ஸ்கள் நகர்ந்தார்கள்.

"சார். அவங்க குண்டுன்னு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. திட்டும்போது தெரியுது. மருந்து எழுதும்போது. ஏன் தெரியல?"

வேதசிரோமணியின் காது சிவந்துவிட்டது. "உன் கையெழுத்துல போட்டுக்கோ. கிட்னி போனா நீதான் பதில் சொல்லணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கையெழுத்துப் போட்டாள். வேகமாக ஏற்றினால் உடம்பெல்லாம் சிவந்து அழுத்தம் இன்னும் விழும் என்பதால், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும்படி பம்பைத் தானே வைத்தாள். ரயிலில் வீட்டுக்குப் போகும்போதும் கோபம் தணியவில்லை. பயமும் கூடவே இருந்தது. சிறுநீரகம் நின்றுபோனால் இந்த உலகத்தில் தன் பக்கம் பேச யாரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மருந்தின் அளவு இருபத்து மூன்று. "இன்னிக்கு டோஸ் வேண்டாம்," என்றாள். "இறங்கட்டும். மறுபடியும் ரத்தம் எடுத்துப் பாத்துட்டுப் போடலாம். இப்பதான் கிட்னியோட முறை." அதற்கடுத்த நாள் காய்ச்சல் குறைந்தது. அழுத்த மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடிந்தது. அழுத்தம் நிலைப்பட்டதும் சிறுநீரும் மெல்லப் பிரிய ஆரம்பித்தது.

இடையில் ஒரு மதியம் முத்தாலம்மாளின் இதயம் தாறுமாறாக ஓடியது. துடிப்பை அடக்க டைஜாக்ஸின் போட முடிவானது. நிகில் உற்சாகமாகக் கணக்குப் போட்டு வந்து நீட்டினான். நூற்றுப் பன்னிரண்டு கிலோவுக்குப் போட்டிருந்தான்.

"இதை யார் சொன்னா?"

"நீங்கதான் மேடம், குண்டா இருந்தா நிறைய போடணும்னு..."

"நான் அப்படிச் சொல்லல." திரிபுரசுந்தரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்காரச் சொன்னாள். "டைஜாக்ஸின் தசையைப் பிடிச்சுக்கும், கொழுப்புக்குள்ள போகாது. இவங்க உயரத்துக்கு இருக்க வேண்டிய எடை நாப்பத்தஞ்சு கிலோகூட வராது. அந்தக் கணக்குலதான் போடணும். கிட்னி கெட்டிருந்தா அதையும் இன்னும் குறைக்கணும். நீ போட்டிருக்கறது போனா இதயம் நின்னுடும். ஒவ்வொரு மருந்தும் எங்க போய் உக்காருதுன்னு தனித்தனியா கேக்கணும் நிகில். ஒரு பழக்கத்தை விட்டுட்டு இன்னொரு பழக்கத்தைப் பிடிச்சுக்காதே."

அவன் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடியும் கணக்குப் போட ஆரம்பித்தான்.

உயிர் தங்கிவிட்டது. கால் தங்கவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. "முதல் ரெண்டு நாள் கிருமி அடங்கியிருந்தா காப்பாத்தியிருக்கலாமா?" என்று திரிபுரசுந்தரி சர்ஜனைக் கேட்டாள். "இருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். சர்க்கரைக் கால், யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது," என்றார் அவர். அது உண்மை. உண்மையாக இருந்ததுதான் அவளுக்கு அதிக எரிச்சல். கோபத்தைக் கொண்டுபோய் இறக்கி வைக்க ஓர் இடம்கூட இல்லாமல் போயிற்று.

முத்தாலம்மாள் கண் விழித்து, குழாய் எடுத்து, பேச ஆரம்பித்த பிறகு ஒருநாள் திரிபுரசுந்தரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஷர்மிளா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் போட்ட மருந்து முத்தாலம்மாளின் உடம்புக்குப் போதவில்லை என்பதை, திரிபுரசுந்தரி சுற்றி வளைக்காமல் சொன்னாள். அதனால்தான் கால் போயிற்று என்று சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள்.

முத்தாலம்மாள் கஞ்சி டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"அப்ப ரெண்டு நாளு சும்மா தண்ணிய ஏத்திக்கினு இருந்தீங்க."

"ஆமாங்க. மருந்து இருந்துச்சு. பத்தல."

"கூடையத் தலையில வச்சிக்கினு பஸ்ஸு ஏறுனா, 'ரெண்டு டிக்கெட்டு எடு'ன்றான். ரெண்டு ஆளு எடம் அடைக்கிறேன்னு காசு கேக்கத் தெரியுது. மருந்து மட்டும் அர ஆளுக்குப் போட்டுக்கினு இருந்துருக்கீங்க." அவள் குரல் கம்மியிருந்தாலும் வார்டு முழுக்கக் கேட்டது. "இந்தக் கால வச்சிக்கினு நான் எப்டிமா ஏவாரம் பண்றது? நீ சொல்லு. சொல்லிட்டுப் போ."

ஷர்மிளா, "அம்மா, இவங்கதான் உன்னக் காப்பாத்துனாங்க," என்றாள்.

"காப்பாத்துனா கேக்கக் கூடாதா?"

"கேளுங்க," என்றாள் திரிபுரசுந்தரி. எழுந்து போகவில்லை. அந்த அம்மாள் ஆத்திரம் தீரத் திட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நோயாளியிடம் போய் இதையெல்லாமா சொல்வது என்று வேதசிரோமணி கூட்டம் போட்டுக் கேட்டார். நோயாளியை நிறுத்துப் பார்க்கும் கட்டில் ஒன்றாவது வாங்குங்கள் என்று அவள் பதிலுக்குக் கேட்டாள். அந்த வருஷக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தை அவர்கள் நீட்டிக்கவில்லை. குரோம்பேட்டையில் வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தாள். அங்கேயும் முதல் வாரத்திலேயே ஒருவரோடு சண்டை.

முத்தாலம்மாள் செயற்கைக் கால் வாங்கப் பல மாதம் ஆயிற்று. இப்போது கூடை சுமப்பதில்லை. கேம்ப் ரோட்டிலேயே ஓர் ஓரத்தில் பலகை போட்டு உட்கார்ந்து விற்கிறாள். காலையில் ஷர்மிளா ஆட்டோவில் சரக்கை இறக்கிவிட்டுத் துணிக்கடைக்குப் போகிறாள். திரிபுரசுந்தரி அந்தப் பக்கம் போனால் வஞ்சிரம் வாங்குவாள். முத்தாலம்மாள் அவளுக்கு விலை குறைப்பதில்லை, சிரிப்பதும் இல்லை. நல்ல துண்டாகப் பார்த்து வெட்டித் தருவாள், அவ்வளவுதான்.