ஜெராக்ஸ் எடுக்கப் போகும் வழியில்

“ஐயா, நான் மேற்படி முகவரியில் வசித்து வருகிறேன். கடந்த ........ தேதி என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழை ஜெராக்ஸ் எடுப்பதற்காக எடுத்துச் சென்றபோது வழியில் எங்கோ தவறிவிட்டது. பல இடங்களில் தேடியும் கிடைக்கவில்லை.”

உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என் மனைவிக்காக அச்சடித்துக் கொடுத்த புகார் மனு இது. மனு ஏற்கெனவே கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. கடைக்காரப் பெண் தலை நிமிராமல் கேட்டாள்.

“இன்னாக்கா தொலைஞ்சிது?”

“பத்தாவது மார்க் ஷீட்டு.”

“பேரு, அட்ரஸ் சொல்லு. மத்ததெல்லாம் உள்ள கீது.”

எங்கள் வட்டாரத்தில் பத்திரமோ, ரேஷன் கார்டோ, மதிப்பெண் சான்றிதழோ எதுவாக இருந்தாலும் ஜெராக்ஸ் கடைக்குப் போகும் வழியில்தான் தொலையும். எரிந்துபோனதாகவோ கரையான் தின்றதாகவோ யாரும் எழுதிக் கொடுத்து நான் பார்த்ததில்லை. தேர்தலில் நிற்க யாருக்குத் தகுதி என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. அந்தக் கல்லை மட்டும் யாரும் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுபோகவில்லை. அதனால் அது இன்னும் இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவி எங்கள் கிராமத்து அங்கன்வாடியில் உதவியாளர். ஊர் வழக்கில் சொன்னால் ‘ஆயாம்மா’. சமைப்பாள், பெருக்குவாள், அழுகிற பிள்ளைக்கு மூக்கைத் துடைப்பாள். பணியாளர், அதாவது டீச்சர், விடுப்பில் போனால் பாட்டும் அவளே சொல்லிக் கொடுப்பாள். அந்தப் பணியாளர் ஓய்வுபெற்று இடம் காலியானது. பத்தாவது தேறிய உதவியாளருக்குப் பதவி உயர்வு உண்டு, அசல் சான்றிதழோடு மாத முடிவுக்குள் வரவேண்டும் என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் சொன்னார்கள். வராவிட்டால் பக்கத்து ஊர் உதவியாளருக்குப் போய்விடும். அவள் இவளுக்குப் பின்னால் சேர்ந்தவள். ஆனால் மதிப்பெண் சான்றிதழை பீரோவில் வைத்திருக்கும் பாக்கியவதி. இவளிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ்தான் இருந்தது. உதவியாளர் வேலைக்கு அன்று அதுவே போதுமானதாக இருந்தது.

மதிப்பெண் சான்றிதழ் எங்கே? அது தொலையவில்லை. இங்கேதான் சிக்கல். திருமணத்துக்கு முன் அவள் வாலாஜாபாத்தில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சேர்ந்திருந்தாள். சேரும்போதே ‘அசலைப் பார்த்துவிட்டுத் தருகிறோம்’ என்று வாங்கி இரும்பு பீரோவில் பூட்டினார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு நிலையத்தை மூடிவிட்டார்கள்.

நான் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறவன். நாளும் கிழமையும் சரியாக இல்லாத ஒரு வரியை என்னால் எழுத முடியாது. படிக்கிற புத்தகங்களிலும் ஆசிரியர் தேதியில் தடுமாறினால் ஓரத்தில் பென்சிலால் திருத்துகிறவன். இந்த நல்ல குணங்களோடு மனைவியை அழைத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். தேர்வுத் துறையிடம் சான்றிதழின் இரண்டாம்படி வாங்க முதலில் போலீஸ் ‘தேடியும் கிடைக்கவில்லை’ என்று சான்று தரவேண்டும்.

ஏட்டு மனுவை வாங்கிப் பார்த்தார். “தேதி காலியா கீதே. என்னிக்குமா தொலைஞ்சிது?”

அவள் வாயைத் திறப்பதற்குள் நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பயிற்சி நிலையம், பீரோ, பூட்டு, எல்லாவற்றையும் ஆண்டு வரிசையில்.

ஏட்டு பேனாவை மூடினார். “அப்ப தொலைக்கலயே. குடுத்துட்டு வந்துகீறீங்க. குடுத்தத குடுத்த எடத்துல போய் கேளுங்க. அதுவும் வாலாஜாபாத் லிமிட்டு. இங்க எதுக்கு வந்தீங்க?”

வெளியே வந்ததும் மனைவி மனுவை நான்காக மடித்தாள்.

“ஜெராக்ஸ் எடுக்கப் போனேன், பூட்ச்சினு சொல்ட்டு வந்திருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். ஊரே சொல்லுது. உனக்கு மட்டும் வாய்ல இன்னா அரிச்சந்திரனா குந்திகினு கீறான்?”

“பொய்யா எழுதிக் குடுக்கச் சொல்றியா?”

“நீ ஒண்ணும் எழுத வேணாம். கம்முனு இரு. அது போதும்.”

வாலாஜாபாத்துக்குப் பேருந்து ஏறினோம். பயிற்சி நிலையம் இருந்த மாடி இப்போது எவர்சில்வர் கடையின் கிடங்கு. கட்டடக்காரர் கீழே உட்கார்ந்திருந்தார். தான் இடம் கொடுத்தவர்களைத் தவிர உலகத்தில் எல்லோரும் நல்லவர்கள் என்று நம்புகிறவர்.

“அவனுங்களா? ஒரு மழைக்காலத்துல ராவோட ராவா காலி பண்ணிகினு போனானுங்க. சாவி கூட குடுக்கல. பூட்ட நான்தான் ஒடச்சேன்.”

“உள்ளே பீரோ இருந்ததா? காகிதங்கள்?”

“பீரோ இல்ல. பேப்பருங்க கெடந்துது, ஒழுகி நனைஞ்சி களி மாதிரி. வாரிக் கொட்டிட்டோம். இன்னாம்மா, உன்துதும் அதுல இருந்துதா? உன்ன மாதிரி நாலஞ்சி பொண்ணுங்க வந்து கேட்டுட்டுப் போச்சுங்க.”

“எந்த வருஷம் காலி செய்தார்கள்?” என்று கேட்டேன்.

“அது தெரிஞ்சா நானும் உன்ன மாதிரி பேனா சொருவிகினு திரிவேன் நைனா.”

அவர் அனுமதியோடு மாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்தோம். அடுக்கி வைத்த அண்டாக்களுக்கு நடுவே மனைவி குனிந்து குனிந்து தேடினாள். அதுவரை அவளும் பேச்சுக்குத்தான் ‘தொலைந்தது’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அங்கே நின்றபோதுதான் அவள் முகம் மாறியது. கிடைக்காது என்பது நிச்சயமானதும் என்னைப் பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.

வாலாஜாபாத் காவல் நிலையத்தில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் இளம் பெண் காவலர். மனைவி என்னைத் தூணோரமாக நிறுத்திவிட்டுத் தானே பேசினாள். ஆனாலும் கேள்வி பழைய இடத்துக்கே வந்து நின்றது.

“தொலைஞ்ச தேதி சொல்லுக்கா.”

அதற்கு என்ன பதில்? கொடுத்த நாளா, நிலையம் மூடிய நாளா, பீரோ போன நாளா, காகிதம் நனைந்த நாளா? தூணோரத்திலிருந்தே, “ஐப்பசி அல்லது கார்த்திகை, ஆண்டு உறுதியில்லை என்று போடலாமே” என்றேன்.

“ஐப்பசின்னு போட்டா இது ஏத்துக்காது சார். நாள், மாசம், வருஷம், மூணும் போட்டாத்தான் அடுத்த பக்கம் போவும்.”

மனைவி பெருமூச்சு விட்டாள். “எங்க கல்யாணத் தேதியப் போடும்மா. எனக்கு எல்லாம் தொலைஞ்சது அன்னிக்குத்தான்.”

பெண் காவலர் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தார். பக்கத்து மேஜைக்காரரும் திரும்பிப் பார்த்து, “இந்த கேஸுக்கு அக்யூஸ்டு தூணாண்ட நிக்குதா?” என்றார். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு அந்தப் பெண் நிதானமாகக் கேட்டார். “இல்லைன்னு உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சிது?”

“இன்னிக்குத்தான். இப்பதான் மாடில போய் பாத்துட்டு வரேன்.”

“அப்ப இன்னித் தேதியே போட்டுடறேன். எடம், பஸ் ஸ்டாண்டு பக்கத்துல.”

இடம் சரிதான். அந்தக் கட்டடம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஜெராக்ஸ் என்ற சொல் மனுவிலிருந்து நீங்கியது. தேதியைப் பொறுத்தவரை, தேடிப் போன நாளே தொலைந்த நாள் என்று அரசு ஏற்றுக்கொண்டது. இந்தக் கணக்கில், தேடாமலே இருந்திருந்தால் அது தொலைந்தே இருக்காது. வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம்.

சில நாள் கழித்து, காவல்துறை விசாரித்தும் சான்றிதழைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று முத்திரையோடு தாள் கிடைத்தது. யாரும் நாற்காலியை விட்டு எழுந்து தேடியதாக எனக்குத் தகவல் இல்லை. ஆனால் கண்டுபிடிக்கவில்லை என்பது முழு உண்மை.

அடுத்தது பள்ளி. தேர்வு எண், எழுதிய மாதம், ஆண்டு இல்லாமல் விண்ணப்பம் நகராது. அவை எங்கே இருக்கும்? தொலைந்த சான்றிதழில். அதன் ஜெராக்ஸ் இருந்தால் கொண்டு வரலாம் என்றார்கள். ஜெராக்ஸ் எடுக்கத்தான் போகவில்லையே. தலைமையாசிரியை நல்லவர். பழைய தேர்வுப் பதிவேட்டை அலமாரிக்கு மேலிருந்து இறக்கச் சொன்னார். தும்மலோடு தும்மலாக எண் கிடைத்தது.

“பாஸ்தானே டீச்சர்?” என்று மனைவி கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது.

“அதுகூடவா மறந்துட்ட?”

“இத்தினி வருசமா யாரும் நம்பல டீச்சர். எனக்கே சந்தேகம் வந்துடுச்சி.”

தலைமையாசிரியை கையெழுத்துப் போட்டு, பள்ளி முத்திரை வைத்துக் கொடுத்தார். இ-சேவை மையத்தில் அந்தத் தாளையும் போலீஸ் சான்றையும் ஏற்றிக் கட்டணம் கட்டினோம். முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் சர்வர் இருந்தது, மின்சாரம் இல்லை. மூன்றாம் நாள் இரண்டும் இருந்தன, ஆபரேட்டர் திருப்புலிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். இடையில் மனைவி தினமும் அங்கன்வாடியிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று, “வந்திச்சா?” என்பாள். செருப்பைக் கழற்றுவது அதற்குப் பிறகுதான்.

மாத முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் தேர்வுத் துறையிலிருந்து சான்றிதழ் வந்தது. மேலே ‘இரண்டாம்படி’ என்று இருந்தது. கணக்கில் நாற்பத்தொன்று. பெண் பார்க்கப் போன நாளில் எழுபது என்று சொல்லியிருந்தார்கள்.

“எழுவதுனு எங்கப்பாதான் சொன்னாரு. நான் சொல்லல” என்றாள். “வேணும்னா ஓரத்துல பென்சில்ல திருத்திக்கோ.”

லேமினேஷன் செய்யக் கூடாது என்று தலைமையாசிரியை சொல்லியிருந்ததால் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் திட்ட அலுவலகத்துக்கு எடுத்துச் சென்றோம். அலுவலர் அசலைப் பார்த்தார், நகலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பணியாளராக நியமித்தார்கள். இப்போது பிள்ளைகள் அவளை ‘டீச்சர்’ என்கிறார்கள். பெரியவர்கள் சிலர் பழக்கதோஷத்தில் ‘ஆயா டீச்சர்’ என்கிறார்கள். அவள் திருத்துவதில்லை.

ஆனால் நியமன ஆணையின் அடியில் ஒரு வரி உண்டு. சான்றிதழின் உண்மைத்தன்மை உறுதி செய்யப்படும் வரை இந்த நியமனம் தற்காலிகமானது. அதற்காக இரண்டாம்படியின் நகல் ஒன்று தேர்வுத் துறைக்கே அனுப்பப்பட்டிருக்கிறது. அதாவது, சில வாரங்களுக்கு முன் தாங்களே அச்சடித்துக் கொடுத்த தாள் தாங்கள் அச்சடித்ததுதானா என்று அவர்கள் சொல்ல வேண்டும். பதில் வந்ததா என்று திட்ட அலுவலகத்தில் இரண்டு முறை விசாரித்தேன். மூன்றாம் முறை மனைவி தடுத்துவிட்டாள். “நீ போய் எதுனா உண்மைய சொல்லிட்டு வந்துடுவ” என்றாள்.

எனவே இதை எழுதும் இன்றைய நிலவரப்படி, என் மனைவி பத்தாம் வகுப்பில் தேறினாள் என்பது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.