வாசல் கேமராவில் கறுத்த முகம்

திரேஸ்புரத்துக் கருவாட்டுக் கிட்டங்கிக்குள் வாசலைப் பார்த்துக் கேமரா மாட்டிய நேசக்குமார், வெயிலையும் நிழலையும் ஒருசேரத் துலக்கும் டபிள்யூடிஆர் என்ற கேமரா வசதியைப் போட மறந்துவிட்டார். ஒருநாள் காலையில் இரண்டு மூட்டைகள் களவு போயின. பதிவில் வாசல் வெயில் பளீரென்றிருந்தது. திருடனின் முகம் மட்டும் கரியாக இருந்தது. உயரத்தை வைத்துக் காவலாளி ராமர்தான் என்று முடிவுகட்டி, முதலாளி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்.

பழைய பதிவில் அந்த முகத்தை மீட்க வழியில்லை. நேசக்குமார் டபிள்யூடிஆரைப் போட்டார். மறுவாரம் மறுபடியும் களவு. மூட்டையோடு தெளிவாகப் பதிவானது முதலாளியின் மருமகன்.

"அழிச்சிரு," என்றார் முதலாளி.

நேசக்குமார் ராமர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

"மொகம் தெரியாதப்ப நாந்தான்னாவ. தெரிஞ்சதும் யாருமில்லங்காவளா?" என்றார் ராமர். "நீ மறந்தத அன்னைக்கே அவியகிட்ட சொன்னியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

ராமர் கதவைச் சாத்திக்கொண்டார்.