சம்பள உயர்வு கேட்டு நான் எழுதிய கடிதம்

எங்கள் தெருவில் கலெக்டர் ஆபீசுக்குப் போகும் மனு எல்லாம் என் கையெழுத்தில்தான் போகும். பட்டா, முதியோர் பென்ஷன், உடைந்த குடிநீர்க் குழாய் எதுவானாலும் சரி. வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். ஏழாம் வகுப்பிலேயே ‘ஐயா, நாங்கள் கூலி வேலை செய்து பிழைக்கும் ஏழைக் குடும்பம்’ என்று ஆரம்பிக்கத் தெரிந்துவிட்டது. அப்படி ஆரம்பிக்காத மனுவை யாரும் படிக்கமாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நானும் நம்பினேன்.

அந்தப் பழக்கத்தோடுதான் சம்பள உயர்வு கேட்டு என் மேனேஜருக்கு முதல் கடிதத்தை எழுதினேன்.

சின்னமனூருக்குப் பக்கத்தில் வாழைப்பழம் ஏற்றுமதி செய்யும் பேக்கிங் கூடம் ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். தோட்டத்திலிருந்து வரும் தாரைச் சீப்பாக வெட்டி, கழுவி, எடை போட்டு, பெட்டியில் அடைத்து, குளிர் கன்டெய்னரில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தக் கன்டெய்னரோடு போகும் காகிதங்கள் என் பொறுப்பு. பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ், பயிர் நோய் இல்லை என்று அரசு தரும் சான்றிதழுக்கான விண்ணப்பம் இவையெல்லாம். இவற்றில் பெட்டி எண்ணிக்கையோ எடையோ ஒன்றுக்கொன்று மாறினால் சரக்கு துறைமுகத்தில் நின்றுவிடும். வாழைப்பழம் காத்திருக்காது.

சேர்ந்தபோது உதவியாளர் வேலை, பதினான்காயிரம் சம்பளம். ஒரு வருடத்தில் ஆவணம் பார்த்துக்கொண்டிருந்தவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் வரவில்லை, அவர் வேலை மட்டும் என் மேஜைக்கு வந்தது. மூன்றாவது வருடமும் சம்பளம் கிட்டத்தட்ட அதே இடத்தில் நின்றது. திருப்பூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருந்தது. இந்த ஏப்ரலில் சம்பளம் ஏறவில்லை என்றால் போய்விடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். போகப் பிடிக்கவில்லை. ஆனால் குறைந்த விலைக்கு இங்கேயே கிடக்கவும் பிடிக்கவில்லை.

எதையும் முதலில் தமிழில் எழுதிப் பார்த்து, பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றுவது என் வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதியதை, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘என் தாயார் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து என்னைப் படிக்க வைத்தார். தற்போது அவருக்கு முழங்கால் வலி’ என்ற இடத்தில் அம்மாவின் கை நின்றது.

“ஏ ஆத்தா, என் முட்டிய எதுக்கு அங்கன கொண்டு போயி வைக்கிற?”

“கஷ்டத்தச் சொன்னாத்தானம்மா குடுப்பாக.”

“கஷ்டப்பட்டவ நானு. வேல பாக்குறது நீயி. நீ என்ன பாத்தயோ அதச் சொல்லிக் கேளு. ஒங்க மேனேசரு எனக்கா சம்பளம் குடுக்காரு?” கீரைத் தண்டை வீசிவிட்டு மறுபடி சொன்னாள்: “நாங்க ஓடப்பட்டியில திராட்சக் குலை வெட்டப் போறப்ப, பக்கத்துத் தோட்டத்துல என்ன கூலின்னு சொல்லித்தான் கேப்போம். வீட்டுல அரிசி இல்லேன்னு ஒருநாளும் கேட்டதில்ல. நீ படிச்சவ, பிச்ச கேக்குற.”

எனக்குக் கோபம் வந்தது. காகிதத்தைக் கிழித்துவிட்டு, அந்தக் கோபத்திலேயே இரண்டாவது கடிதத்தை எழுதினேன். ‘இரண்டு பேர் வேலையை ஒரு சம்பளத்துக்குச் செய்து வருகிறேன். இது நியாயமா? உயர்த்தாவிட்டால் வேறு முடிவு எடுக்க நேரிடும்.’ எழுதும்போது சுகமாக இருந்தது. மாலையில் எடுத்துப் படித்தபோது, என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் ‘சரி, போய்க்கோ’ என்றுதான் சொல்லியிருப்பேன் என்று தோன்றியது.

மூன்றாவதற்கு ஒரு வாரம் ஆனது. பழைய கோப்புகளைப் புரட்டி, செய்ததை மட்டும் குறித்தேன். ஆவணப் பிரிவை முழுதாக எடுத்துக்கொண்டது. கன்டெய்னரை மூடி சீல் வைப்பதற்கு முன் மூன்று காகிதங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தயாரித்தது. முன்பு அடிக்கடி கன்டெய்னர்கள் நின்றது, அதற்குப் பிறகு எண் மாறியதால் ஒன்றுகூட நிற்காதது. கொச்சித் துறைமுகத்தில் சரக்கைக் கையாளும் ஏஜென்ட்டிடம் மலையாளத்திலேயே பேசி முடித்துவிடுவது. பிறகு சந்தை நிலவரம்: இதே வேலைக்கு எங்கள் மாவட்டத்திலும் மதுரையிலும் வந்திருந்த மூன்று விளம்பரங்கள், அவற்றில் சொல்லியிருந்த சம்பளம். தோழி ஒருத்தி தன் சம்பளத்தைச் சொல்லியிருந்தாள். அது அவள் நம்பிச் சொன்னது, எழுதவில்லை. திருப்பூரையும் எழுதவில்லை. கடைசியில், ‘இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. இங்கேயே தொடர விரும்புகிறேன். பொறுப்புக்கு ஏற்ப என் சம்பளத்தைப் பத்தொன்பதாயிரமாக மாற்றுவதைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். தங்களுக்கு வசதியான நேரத்தில் இதுபற்றிப் பேச விரும்புகிறேன்.’ ஒரே பக்கம். சம்பளப் பட்டியல் மார்ச்சில் கோயம்புத்தூர் தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்பதால் பிப்ரவரியிலேயே மெயிலில் அனுப்பினேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். கம்பத்துக்காரர், சத்தமாகப் பேசுகிறவர். அன்று மெதுவாகப் பேசினார்.

“நல்லா எழுதிருக்கம்மா. ஆனா இந்த ரெண்டாவது பாயிண்டு... ‘முன்பு அடிக்கடி கன்டெய்னர்கள் நின்றன’ன்னு போட்டுருக்க. அப்பவும் நாந்தான இங்கன மேனேஜரு? இத அப்படியே மேல அனுப்புனா, மொதலாளி ஒனக்குச் சம்பளம் கூட்டுறதுக்கு முன்னாடி என்னயில்ல கூப்பிடுவாக?”

அந்த வரி யார் கண்ணில் எப்படிப் படும் என்று நான் யோசிக்கவே இல்லை. என் மனுக்கள் எல்லாம் முகம் தெரியாத அதிகாரிக்குப் போனவை. இந்தக் கடிதம் ஒருவர் கை வழியாக இன்னொருவருக்குப் போகிறது.

“மாத்திருதேன் சார்.”

“‘நாங்கள் பட்டியல் தயாரித்தோம்’னு போட்டுரு. பொதுவா இருக்கும்.”

அங்கேதான் எனக்கு இடித்தது. அந்தப் பட்டியலை மூன்று வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து செய்தவள் நான். அவர் கேட்டதில் பாதி நியாயம், பாதி இல்லை.

“சார், பட்டியல் நான் தயாரிச்சது. சீல் வைக்கிறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் லாரிய நிறுத்த நீங்கதான் அனுமதி குடுத்தீக. டிரைவருக சத்தம் போட்டப்ப நீங்கதான் பதில் சொன்னீக. அந்த ரெண்டையும் எழுதுறேன். நின்ன கதைய எடுத்துருதேன்.”

“காகிதத்துல ஒரு கிராம் மாற விடமாட்ட. ஒன் லெட்டர்ல மட்டும் விட்டுருவியாக்கும்?” என்று சிரித்தார். “சரி, அப்படியே போடு. நானும் கீழ ரெண்டு வரி எழுதி அனுப்புதேன்.”

அவர் எழுதிய இரண்டு வரி என்ன என்று எனக்குத் தெரியாது. ஏப்ரலில் உத்தரவு வந்தது. ஆவணப் பொறுப்பாளர் என்று பதவி, பதினேழாயிரம் சம்பளம், அக்டோபரில் மறுபடி பார்க்கலாம் என்று ஒரு வரி. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை. இரண்டு நாள் யோசித்துத்தான் திருப்பூருக்கு வரவில்லை என்று சொன்னேன். அந்த ‘அக்டோபர்’ எழுத்தில் இருந்ததுதான் காரணம்.

அம்மாவிடம் உத்தரவை வாசித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “என் முட்டி அதுல இல்லையில்ல?” என்றாள்.

“இல்லம்மா.”

“அப்பச் சரி” என்று உத்தரவைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் என் பெயர் எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னாள்.