ஆணியில் குத்திய தாள்கள்

என் அத்தை ஒரு பயிற்சி நிலையத்தின் அச்சு அறையில் வேலை பார்க்கிறார். அங்கே அவருக்குப் பெயர் "கசங்கல் அக்கா". பிரிண்டரில் சிக்கிய தாளை மற்றவர்கள் உருவிக் குப்பையில் போடுவார்கள். அத்தை மட்டும் அது எங்கே சிக்கியது என்று பென்சிலால் ஓரத்தில் எழுதி, சுவரில் இருந்த ஒரு ஆணியில் குத்தி வைப்பார்.

"அக்கா, இது என்ன நினைவுச் சின்னமா?" என்று பியூன் கேலி செய்வார்.

"சாட்சி. ஒருநாள் பேசும்" என்பார் அத்தை.

அந்த மாதம் தாள்கள் ஓயாமல் சிக்கின. மெக்கானிக் இரண்டு முறை வந்தார். துடைத்துவிட்டு, "மிஷினுக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிப் போய்விட்டார். சனிக்கிழமை காலையில் மேனேஜர் அச்சு அறையின் வாசலில் வந்து நின்றார்.

"மதியம் ரெண்டு மணிக்கு மாதிரித் தேர்வு. இருநூத்தி நாப்பது வினாத்தாள் புத்தகம் ரெடியா இருக்கணும். இல்லன்னா திங்கள்கிழமையிலேர்ந்து அச்சு வேலை எல்லாம் வெளியில குடுத்துடுவேன். நீங்க வரவேற்புல உக்காந்துக்கலாம்."

வருகிறவர்களின் பெயரை எழுதி வாங்கும் வேலை அது. பதினோரு வருடம் அச்சு அறையில் இருந்தவருக்கு அது அடித்தது போல இருந்தது.

பத்து தாள் ஓடுவதற்குள் முதல் சிக்கல். அதை எடுத்தார். மூன்று நிமிடத்தில் இன்னொன்று. அத்தை மிஷினை நிறுத்தினார். ஆணியிலிருந்து எல்லாத் தாள்களையும் உருவி மேசையில் பரப்பினார்.

"வேலையை விட்டுட்டுச் சீட்டு விளையாடறீங்களா?" என்றார் பக்கத்து மேசை டைப்பிஸ்ட்.

"ஆமா. நீங்களும் ஒரு கை போடுங்க. ஒரே மாதிரி இருக்கறத ஒண்ணா அடுக்கணும்."

அடுக்கியதும் மூன்று கட்டு ஆனது. முதல் கட்டில் முப்பத்தியோரு தாள்கள்; கசங்கவே இல்லை. முன் ஓரத்தில் மட்டும் சாம்பல் நிறத் தேய்ப்பு. ட்ரேயிலிருந்து இழுக்கும் இடத்திலேயே நின்றவை. அத்தை ட்ரேயைக் கழற்றி, தாளை உள்ளே இழுக்கும் உருளையைத் தடவிப் பார்த்தார். சொரசொரப்பாக இருக்க வேண்டிய ரப்பர் வழுவழுவென்று பளபளத்தது. தாளை இழுக்காமல் அதன் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது.

இரண்டாம் கட்டில் எல்லாம் தடித்த அட்டைத்தாள். புத்தகத்தின் மேலட்டைக்கானது. மிஷினில் 'சாதாரணத் தாள்' என்றே வைத்து, உள்ளே பலமாக வளைந்து திரும்பும் பாதையில் விட்டிருந்தார்கள். வளைய முடியாமல் நின்றுவிட்டது.

மூன்றாம் கட்டு அலை அலையாக இருந்தது. எல்லாம், மையைத் தாளில் ஒட்டவைக்க மிஷின் சூடாகும் இடத்துக்குப் பக்கத்தில் சிக்கியவை. கடையிலிருந்து வந்த புதுத் தாள் ஏன் நெளிய வேண்டும்? அலமாரியைத் திரும்பிப் பார்த்த அத்தைக்கு முகம் வெளுத்தது. திங்கட்கிழமைதோறும் அந்த வாரத்துக்கான எல்லாத் தாள்கட்டுகளின் மேலுறையையும் கிழித்து, அழகாக அடுக்கி வைப்பது அவர் பழக்கம். அலமாரிக்கு எதிரே கை கழுவும் தொட்டி. தாள்கள் வாரம் முழுக்க ஈரத்தைக் குடித்திருந்தன.

"ஐயோ, இதை நானே தண்ணி ஊத்தி வளத்திருக்கேன்!" என்று தலையில் கை வைத்தவர், அடுத்த நொடியே சிரித்துவிட்டார்.

மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "தம்பி, தாள் இழுக்கற உருளை செட் மட்டும் கொண்டு வாங்க. மிஷினோட வயசு பத்திப் பேச்சு வேண்டாம்."

"அக்கா, உருளைதான்னு எப்படித் தெரியும்?"

"முப்பத்தியோரு தாள் சொல்லுது."

மெக்கானிக் வருவதற்குள் அத்தை கிடங்கு அறையிலிருந்து உறை பிரிக்காத கட்டுகளைக் கொண்டு வரச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரு கட்டைத்தான் பிரிப்பது என்று முடிவு செய்தார். அட்டைத்தாளைப் பக்கவாட்டு ட்ரேயில் வைத்து, மிஷினில் 'தடித்த தாள்' என்று மாற்றினார். அங்கிருந்து பாதை நேராகப் போகிறது. மேலட்டைகள் ஒன்றுகூட நிற்காமல் வெளியே வந்தன.

பதினொன்றேகாலுக்கு மெக்கானிக் வந்தார். பழைய உருளையைக் கையில் எடுத்ததும் அவர் குரல் தாழ்ந்தது. "நான் முன்னாடியே கழட்டிப் பாத்திருக்கணும்." பத்து நிமிடத்தில் புதியதை மாட்டினார்.

மிஷின் ஓடியது. ஐம்பது, நூறு, முந்நூறு. டைப்பிஸ்ட் வேலையை விட்டு எண்ண ஆரம்பித்தார். ஆயிரத்தைத் தாண்டியதும் பியூன் விசிலடித்தார். ஒன்றரை மணிக்கு இருநூற்று நாற்பது புத்தகங்களும் பின் அடித்து மேசையில் அடுக்கப்பட்டிருந்தன.

மேனேஜர் ஒன்றை எடுத்துப் புரட்டினார். "எப்படிம்மா?"

"எல்லாரும் குப்பைனு போடறதைப் படிச்சேன் சார்." உருளை, அட்டைத்தாள், தொட்டி ஈரம் மூன்றையும் அத்தை சொன்னார்.

அவர் ஆணியைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. "சரி, திங்கள்கிழமை வரவேற்புக்கு வேற ஆளப் பாக்கறேன். நீங்க இங்கயே இருங்க. அந்தத் தொட்டிக்குப் பக்கத்துல மட்டும் எதையும் அடுக்காதீங்க."

"அலமாரியே இடம் மாறுது சார். பியூன் ஒரு முனை, நீங்க ஒரு முனை."

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.