நான் அழித்த ஒரு ‘ஏ’

தப்பு செய்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அந்த மூன்று நாளும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை.

ஈப்போவில் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து தமிழ்த் தொடர்களுக்கு மலாய் சப்டைட்டில் செய்வது என் பிழைப்பு. படத்தைப் பார்த்தபடி மலாயில் சொல்லிப் பதிவுசெய்து அனுப்புவேன். கமுந்திங்கில் இருக்கும் அக்கா ஒருவர் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து, ஒவ்வொரு வரியும் எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று நேரம் போடுவார். இருவருக்கும் ஒரே கோப்புறை. அவரிடம் தனிப் பிரதி கிடையாது. கடைசியாக நான் ஒருமுறை பார்த்து அனுப்புவேன்.

இந்தத் தொடரின் நாயகி ராணி. எண் ஜோதிடமாம், மலாய் எழுத்தில் ‘Raani’ என்று இரண்டு ஏ போட்டு, எங்களுக்கு வேலை தரும் கம்பெனி பெயர்ப் பட்டியல் கொடுத்திருந்தது. பட்டியலைத் திறந்தே பார்க்காத நான், ‘எவன்டா இவன் ரெண்டு ஏ போட்டது’ என்று எரிச்சலாகி, எட்டு அத்தியாயத்திலும் ஒரே அழுத்தில் ‘Rani’ ஆக்கிவிட்டேன். அக்காவிடம் சொல்லவில்லை. மறந்தும் போனேன்.

கம்பெனிப் பையன் எங்கள் மூவர் குழுவில் குரல் அனுப்பினான். “அக்கா, பேர எல்லாம் தப்பா அடிச்சிருக்கீங்க லா. நேரம் போட்டதெல்லாம் பாஸ் ஆயிருச்சு. பேர மட்டும் மாத்துங்க, நேர வரியில கை வைக்காதீங்க. ஒரு நம்பர் மாறினாலும் நாங்க முழுசா திரும்ப செக் பண்ணணும். அப்படி ஆச்சுன்னா அடுத்த தொடருக்கு வேற ஆளுதான்.”

கேட்டதுமே எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. அக்கா “சாரி தம்பி, என் தப்புதான்” என்று எழுதினார். நான் “நானே திருத்தி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அனுப்பிடறேன்” என்று எழுதினேன். அவ்வளவுதான் எழுதினேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் மாற்றியது நான்தான் என்று எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் உட்கார்ந்தேன். அசல் கோப்புகளைத் தனியே நகலெடுத்து வைத்துவிட்டு, Rani என்பதை Raani என்று மொத்தமாக மாற்றச் சொன்னேன். முதல் அத்தியாயத்திலேயே ‘beRaani’ என்று ஒரு வரி. ஐயோ! மலாயில் தைரியத்துக்கு ‘berani’. அதற்குள்ளும் ராணி இருக்கிறாள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காமல் அது எல்லாவற்றையும் பிடித்திருந்தது. போனபோது சத்தமில்லாமல் போன எழுத்து, திரும்பி வரும்போது என்னை ஆட்டி வைத்தது. அத்தனையையும் பழையபடி ஆக்கி, பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார், முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று என்று இரண்டையும் சொடுக்கி மறுபடி ஓட்டினேன்.

கடைப் பலகையில் வரும் ‘KEDAI RANI’ மட்டும், எல்லாம் பெரிய எழுத்து என்பதால், இப்போது தப்பிவிட்டது. அதைக் கையால் திருத்தினேன். மணி மூன்றேகால். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் மென்பொருளில் போட்டேன். மாறிய வரிகள் மட்டும் மஞ்சளாகத் தெரியும். எல்லாம் பெயர் வரிகள். ஆறாம் அத்தியாயத்தில் மட்டும் ஒரு நேர வரி மஞ்சள்.

00:17:42,300 என்று இருந்தது 00:17:42,30 ஆகியிருந்தது. பலகை வரிக்கு நேர் மேல் வரி அது. விரல் பட்டு ஒரு சுழி போயிருக்கிறது. இது அப்படியே போயிருந்தால் அக்காவின் வேலை போயிருக்கும், அந்தப் பழியும் அக்காவின் தலையிலேயே விழுந்திருக்கும். அசலிலிருந்து அந்த வரியை அப்படியே எடுத்து ஒட்டி மறுபடி ஒப்பிட்டேன். இப்போது பெயர் வரிகள் மட்டும்தான் மஞ்சள். அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பையன் எழுதினான்: “ஓகே, பாஸ். அக்காவ இனிமே கவனமா அடிக்கச் சொல்லுங்க.”

அதற்கு மேல் தாங்கவில்லை. “அக்கா சரியாகத்தான் அடித்திருந்தார். பட்டியலைப் பார்க்காமல் பெயரை மாற்றியது நான்” என்று குழுவில் போட்டேன். யோசித்தால் அனுப்பமாட்டேன் என்று தெரியும், அதனால் யோசிக்கவில்லை.

உடனே அக்கா அழைத்தார்.

“நீயா?”

“ஆமாக்கா.”

“முந்தாநாளு தைப்பிங் போயி கண்ணக் காட்டிட்டு வந்தேன் தெரியுமா? மழையில, ரெண்டு பஸ் மாறி. கண்ணு நல்லா இருக்குன்னுட்டாங்க. அப்ப மூளைதான் போச்சுன்னு நெனச்சேன். எங்கம்மாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. மூணு நாளா ஃபைலத் தொறந்து தொறந்து பாக்குறேன், நான் அடிச்சது எனக்கே ஞாபகம் இல்லையேன்னு. இனி நான் வரலன்னு தம்பிக்கு எழுதிக்கூட வெச்சிட்டேன், அனுப்பத்தான் இல்ல.”

“அக்கா, மன்னிச்சிருங்கக்கா. சொல்லியிருக்கணும்.”

“நீ இப்ப ஒண்ணும் பேசாத. நான் அப்புறம் கூப்பிடுறேன்.”

அவர் கூப்பிட நான்கு நாளாயிற்று.