‘லா’வையும் விடாமல் வாசித்தவள்

பிரிக்பீல்ட்ஸில் புடவைக் கடை ஒன்றுக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். கீழே பாட்டுப் போட்டால் மேலே மீட்டிங்கில் இருப்பவர்களின் கால் தானாகத் தாளம் போடும். மீன், இறைச்சி, ஐஸ்கிரீம் வைக்கும் குளிர் அறைகளுக்குள் மாட்டுகிற ஒரு சின்னக் கருவியை விற்கிறோம். அறையில் சூடு ஏறினால் முதலாளியின் போனுக்குச் செய்தி போகும். அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த அவ்வளவுதானை அழகான சிலைடுகளாக்குவதும், பேசப் போகிறவர்களுக்கு ஒவ்வொரு சிலைடின் கீழும் நோட்ஸ் எழுதிக் கொடுப்பதும் என் வேலை. வாய்த்துடுக்கு அதிகம் என்று வீட்டில் திட்டு வாங்கியவளுக்கு, ஊரார் வாயில் வார்த்தை போடுகிற வேலை கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

என் தோழி அதே ஆபீஸில் போன் பிரிவில் இருந்தாள். கருவி மக்கர் பண்ணினால் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவது அவளைத்தான். குளிர் அறைக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. ஆகவே அவளுக்கும் ஞாயிறு கிடையாது. செந்தூலில் அவள் போகும் மாதா கோயிலில் ஞாயிறு பூசையில் வாசகம் வாசிப்பவள் அவள். ஷிப்ட் மாறி மாறி வந்ததில் அந்த இடம் மெல்ல வேறொருவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதனால்தான் விற்பனைப் பிரிவில் ஓர் இடம் காலியானதும் பாஸிடம் போய்க் கேட்டாள். விற்பனைக்கு ஞாயிறு லீவு. பாஸ் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்றார்.

முதலில் அவளை அம்பாங்கில் ஒரு கம்பெனிக்கு அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். சிலைடில் என்ன இருந்ததோ அதையே அவள் திரையைப் பார்த்து வாசித்தாள். தெளிவான குரல், நிறுத்தி நிதானமான உச்சரிப்பு, ஒரு சொல் பிசகவில்லை. கேட்டவர்களோ அவளுக்கு முன்பே வாசித்து முடித்துவிட்டு, அடுத்த சிலைடு வரும்வரை போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் நன்றி சொன்னார்கள். அதற்கப்புறம் அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

பாஸ் கத்துகிற ஆள் இல்லை. அடுத்தது கிள்ளானில் ஒரு குடும்பக் கம்பெனி, அதுவும் இப்படியே போனால் பழைய போன் பிரிவுக்கே போய்விடலாம், அங்கே உன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பாராட்டுகிற மாதிரியே சொன்னார். அவள் மீட்டிங் அறையிலிருந்து நேராக என் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள்.

நான் ஃபைலைத் திறந்தேன். தப்பு உடனே தெரிந்தது. அம்பாங்குக்கு சிலைடு, நோட்ஸ் எல்லாம் தானே செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தாள்; நோட்ஸ் பகுதியில் அவள் சிலைடில் இருந்த ஆங்கில வாக்கியங்களையே நகல் எடுத்து ஒட்டி வைத்திருந்தாள். சபைக்குத் தெரிவதும் அவளுக்குத் தெரிவதும் ஒன்றே. பின்னே எப்படிப் பேச்சு வரும்? தவிர, கிள்ளானில் கேட்கப் போவது தமிழ்க் குடும்பம். ஆங்கிலத்தில் எழுதியதை மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே பேசினால் குரல் கட்டையாகத்தான் இருக்கும்.

முதலில் சிலைடுகளைக் கிழித்தேன். பத்தி பத்தியாக இருந்ததையெல்லாம் எடுத்து, பின்னால் கையில் கொடுத்துவிட்டு வரும் தாளுக்கு மாற்றினேன். சிலைடில் ஒரு படம், நாலைந்து சொல், போதும். பிறகு நோட்ஸ். நாங்கள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்வது மாதிரியே, ஆங்கில எழுத்தில் தமிழ். நடுவில் கொஞ்சம் மலாய், கொஞ்சம் இங்கிலீஷ். வாக்கியத்தையெல்லாம் ஒரே மூச்சில் சொல்கிற அளவுக்கு வெட்டினேன். ஒரு சிலைடிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு வரி. சிரிக்க வைக்க ரெண்டு இடம். எழுதியதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். எனக்கே என்னைப் பிடித்துப் போயிற்று.

அவள் ஒத்திகை பார்த்தாள். என் நோட்ஸை எழுத்து விடாமல் வாசித்தாள். ஜோக்கை, நிறுத்தி, தெளிவாக, வேத வாக்கியத்துக்கு உரிய மரியாதையோடு வாசித்தாள். ஒரு வாக்கியத்தின் கடைசியில், எங்கள் பேச்சுக்கு வாலாக ஒட்டிக்கொள்ளும் அந்த மலாய் ‘லா’வைப் போட்டிருந்தேன்; அதைக்கூட, ஏதோ புனிதரின் பெயரைச் சொல்வது போல் திருத்தமாக உச்சரித்தாள். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. இவ்வளவு இயல்பாக எழுதிக் கொடுத்தும் இப்படிச் சொல்கிறாயே என்று எரிந்து விழுந்தேன்.

“நீ எழுதுனத மாத்தக் கூடாது இல்ல,” என்றாள். “கோயில்ல எங்களுக்கு முதல்ல சொல்லித் தர்றதே அதான். ஒரு சொல்லு கூட்டக் கூடாது, ஒரு சொல்லு குறைக்கக் கூடாது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவளுக்குப் படிக்கத் தெரியாமல் இல்லை. படிப்பதில் அவள் மகா கெட்டிக்காரி. அதுதான் தொல்லை. எழுத்து என்று ஒன்றை முன்னால் வைத்தால் அவள் அதற்கு ஊழியம் செய்யத் தொடங்கிவிடுவாள். நான் எழுத்தை எவ்வளவு கொச்சையாக்கினாலும் அவளுக்கு அது வாசகம்தான்.

விளங்கியதே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. காப்பாரில் கோழி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர். போன் பிரிவுக்குக் கூப்பிடாமல் பழக்கத்தில் அவளையே கூப்பிட்டுவிட்டார். அவர் பதற்றம் எனக்கே கேட்டது. அவள் எழுந்து நடந்துகொண்டே பேசினாள்.

“அங்கிள், பதறாதீங்க. இப்ப ஐஸ் கரைய டிஃப்ராஸ்ட் ஓடுது, அதனால கொஞ்சம் சூடு காட்டும். தன்னால இறங்கிடும். இறங்கலேன்னா கதவப் போய்ப் பாருங்க. எவனாச்சும் தொறந்து போட்டுட்டு தே தாரிக் குடிக்கப் போயிருப்பான் லா.”

ஒரு கையில் போன். இன்னொரு கை காற்றில் கதவைத் திறந்து மூடியது. பேசுகையில் புருவம், தோள், எல்லாம் பேசின. என் நோட்ஸில் செத்துக் கிடந்த ‘லா’ இங்கே துள்ளிக்கொண்டிருந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்கு யாரும் எழுதித் தரவில்லை. அங்கிள் கேட்டார், அவள் சொன்னாள்.

அவள் போனை வைப்பதற்குள் நான் என் நோட்ஸ் முழுவதையும் அழித்திருந்தேன். மனசு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சிலைடின் கீழும் ஒரே ஒரு கேள்வியைப் பெரிய எழுத்தில் போட்டேன். சுவரில்தான் தெர்மோமீட்டர் தொங்குகிறதே, இது எதற்கு? கரண்டு போனால் உங்கள் கருவியும் சேர்ந்து செத்துவிடுமா? டிஃப்ராஸ்ட் ஓடும்போதெல்லாம் அலாரம் கத்திக் கழுத்தறுக்குமா? கேள்விக்கு அடியில், வாய் தவறினால் வம்பாகிவிடும் விஷயங்களை மட்டும் எழுதினேன்: பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், வாரண்டி எத்தனை வருடம். பதில் எதுவும் எழுதவில்லை.

அவள் பார்த்துவிட்டு வெலவெலத்துப் போனாள். இதெல்லாம் நோட்ஸா, பதில் எங்கே என்று கேட்டாள். பதில் உன் வாயில் இருக்கிறது என்றேன். அங்கே போய் மறந்துவிட்டால் அப்புறம் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது, உனக்கென்ன, என்றாள். அது நியாயமான பயம். வாய் உலர்ந்து போவது எப்போதும் தொடக்கத்தில்தான் என்பதால், முதல் வாக்கியத்தை மட்டும் அவளையே சொல்லச் சொல்லி அப்படியே எழுதிவைத்தேன். மற்றதற்கு நான் மசியவில்லை.

கிள்ளான் கம்பெனியில் முடிவெடுப்பது ஓர் அம்மாள். அறுபது வயதிருக்கும். பக்கத்தில் இரண்டு மகன்கள். கீழே லோரியில் பெட்டி ஏற்றும் சத்தம். நான் லேப்டாப்பை டிவியில் செருகியதும் இரண்டிலும் ஒரே படம் தெரிந்தது. அப்படியே சிலைடு ஷோவைத் தொடங்கியிருந்தால் நோட்ஸ் டிவியில் விரிந்திருக்கும். கடைசி சிலைடின் கீழே, அவளைச் சிரிக்க வைக்க, ‘ஆன்டி முழிச்சிருக்காங்களா?’ என்று எழுதிவைத்திருந்தேன். அவசரமாக டிவியைத் தனித்திரையாக மாற்றினேன். டிவியில் படம், எங்கள் பக்கம் நோட்ஸ்.

அவள் முதல் வாக்கியத்தை வாசித்தாள். பழைய கோயில் குரல். மூத்த மகன் போனைக் கையில் எடுத்தான். நான் மேசைக்கடியில் விரல்களைப் பின்னிக்கொண்டேன். அவள் கேள்விக்குப் போனாள். திரையில் கண்ணை ஓட்டினாள். வாசிக்க ஒன்றும் இல்லாததால் நிமிர்ந்தாள். அந்த அம்மாளைப் பார்த்து, சுவரில் தெர்மோமீட்டர் இருக்கிறது ஆன்டி, ஆனால் ஞாயிற்றுக்கிழமை அதை யார் போய்ப் பார்க்கிறது, என்றாள். அந்த அம்மாள் இளைய மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான். அந்தக் குடும்பத்தில் அது பழைய சண்டை போலிருக்கிறது.

அதற்கப்புறம் அந்த அம்மாளே கேட்க ஆரம்பித்தார். கரண்டு போனால் என்ன ஆகும் என்று, நாங்கள் அந்தச் சிலைடுக்குப் போகும் முன்பே கேட்டார். அவள் தயங்காமல் அங்கே தாவினாள். கருவிக்குள் பேட்டரி இருக்கிறது, செய்தி அனுப்பும் பெட்டியிலும் சொந்தமாக பேட்டரியும் சிம் கார்டும் இருக்கின்றன, கரண்டு போனதே உங்களுக்கு அதனால்தான் தெரியவரும் என்றாள். வேலையாள் தொந்தரவு தாங்காமல் அலாரத்தை அணைத்துவிட்டால்? இது என் நோட்ஸிலேயே இல்லாத கேள்வி. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் சிரித்துவிட்டு, எல்லா இடத்திலும் அப்படி ஓர் ஆள் உண்டு ஆன்டி, அவன் அணைத்தால் அணைத்தான் என்று உங்கள் போனுக்கு இன்னொரு செய்தி வரும் என்றாள். மூத்த மகன் போனைக் கவிழ்த்து வைத்தான். பாதி சிலைடுகளைக் காட்டவே இல்லை.

முடிந்ததும் அந்த அம்மாள் என் அழகான தாள்களை வாங்கிப் பார்க்காமலே மகனிடம் கொடுத்தார். “தாள அவன் படிக்கட்டும். நீ வாம்மா, எங்க ரூமக் காட்டுறேன், எங்க மாட்டணும்னு சொல்லு,” என்று அவளைக் கீழே அழைத்துப் போனார். இரண்டு பேரும் குளிரில் மூக்கு சிவந்து திரும்பி வந்தார்கள்.

திரும்பும் வழியில் ஃபெடரல் நெடுஞ்சாலையில் வழக்கமான நெரிசல். நான்தான் ஓட்டினேன். பாஸிடமிருந்து அவளுக்குச் செய்தி வந்தது. அந்த அம்மாளே அவரைக் கூப்பிட்டு ஆர்டர் சொல்லிவிட்டாராம். அடுத்த மாதத்திலிருந்து விற்பனை, நிரந்தரம். அவள் அதைச் சத்தமாக எனக்கு வாசித்தாள், ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல். பிறகு கைக்குட்டையைத் தேடினாள். எனக்கும் கண் கலங்கியது. கார் ஓட்டுகிறேன் என்று சமாளித்தேன்.

பேச்சை மாற்ற, பாதிக்கு மேல் நீ நோட்ஸ் பக்கம் திரும்பவே இல்லையே, எனக்கு எதற்குச் சம்பளம் என்று சீண்டினேன்.

“மொதல்ல பார்த்தேன் இல்ல,” என்றாள். “அந்தக் கேள்வியப் பார்த்ததும் உன் கொரல்தான் கேட்டுச்சு. எடக்கா கேப்பியே, அந்தக் கொரலு. அப்புறம் ஆன்டி கேட்டாலும் நீ கேக்கற மாதிரியே இருந்துச்சு. உனக்குத்தான் பதில் சொல்லிக்கிட்டிருந்தேன்.”

எடக்காக ஏதோ கேட்க வாயெடுத்தவள், ரேடியோவைப் போட்டேன். முன்னால் கார் நகர்ந்தது. நானும் நகர்த்தினேன்.